ஜரிகை தெரிய வேண்டுமானால்...

கல்யாணம் முடிந்த சில வாரங்களில் போட்டோகிராபரிடமிருந்து கூகுள் போட்டோஸ் ஆல்பத்தின் லிங்க் வரும். வீட்டில் யாராவது ஒருவர் கணினியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக வலது கிளிக் செய்து சேமிக்க ஆரம்பிப்பார். அப்படிச் சேமிப்பது அசல் படத்தை அல்ல. உங்கள் திரையின் அளவுக்கேற்ப கூகுள் சுருக்கி அனுப்பிய பிரதியைத்தான். கணினியில் பளிச்சென்று இருக்கும். 1,920 பிக்சல் அகலமுள்ள அந்தப் பிரதியை 18 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போட்டால், அங்குலத்துக்கு 107 பிக்சல்தான் தேறும். பட்டுப்புடவை ஜரிகை வெறும் மஞ்சள் பட்டையாகிவிடும்.

ஆகவே, மொத்தமாக இறக்கும் முன் ஒரே ஒரு படத்தைச் சோதியுங்கள். படத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் Download கொடுங்கள். இறங்கிய கோப்பின் பண்புகளில் பிக்சல் அளவைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 × 4000 என்று காட்டினால் அளவு குறையவில்லை. 4900 × 3270 போல ஏதாவது காட்டினால், போட்டோகிராபர் Storage saver முறையில் ஏற்றியிருக்கிறார் என்று பொருள். அந்த முறையில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை கூகுள் அந்த அளவுக்குக் குறைத்துவிடும். பிறகு எந்த வழியில் இறக்கினாலும் பழைய அளவு திரும்பாது. அசலை போட்டோகிராபரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் வாங்க வேண்டும். பெரிய ஆல்பம் போட மட்டும் என்றால் அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அதே 18 அங்குலத்துக்கு இது தாராளம். கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

சோதனையில் தேறினால், ஆல்பத்தின் மூன்று புள்ளி மெனுவில் Download all. எல்லாம் ஜிப் கோப்பாக வரும். படம் ஒன்று 8 எம்பி என்றாலும் ஆயிரம் படம் 8 ஜிபி ஆகிவிடும். செல்போன் டேட்டாவில் இதை முயல வேண்டாம். இடையில் அறுந்தால் ஜிப் திறக்காது. அப்போது இருநூறு இருநூறாகத் தேர்ந்தெடுத்து இறக்குவது நிம்மதி. பிரித்தபின் கோப்புகளின் எண்ணிக்கையை ஆல்பத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

ஆல்பம் உங்களுடையதே என்றால் takeout.google.com மேல். அங்கே கூகுள் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் வேண்டிய ஆல்பத்தை டிக் செய்தால், கூகுள் கோப்புகளைத் தயார் செய்து மின்னஞ்சலில் லிங்க் அனுப்பும். அது ஒரு வாரம்தான் செல்லும். படங்களோடு .json என்று முடியும் குட்டிக் கோப்புகளும் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸுக்குள் நீங்கள் திருத்திய தேதி படத்துக்குள் எழுதப்படுவதில்லை, அவற்றில்தான் இருக்கும்.

ஐபோன்காரர்கள் அனுப்பும் ஐகிளவுட் ஷேர்டு ஆல்பத்தில் இந்த முயற்சி எதுவும் பலிக்காது. அதில் போடும்போதே சாதாரணப் படங்களின் நீண்ட பக்கம் 2,048 பிக்சலாகக் குறைந்துவிடுகிறது. அனுப்பியவரிடம் சொல்லி, தன் போட்டோஸ் செயலியில் அதே படங்களைத் தேர்ந்தெடுத்து Copy iCloud Link வழியாக அனுப்பச் சொல்லுங்கள். முப்பது நாள் அவகாசம் உண்டு.