டை பூசிய தலையை மூட வேண்டுமா?

என் சித்தி மாதம் ஒருமுறை வீட்டிலேயே டை போடுவார். பூசியதும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அரைமணி நேரம் கழித்து அலசுவார். உச்சியும் பின்தலையும் கன்னங்கரேலென்று இருக்கும். நெற்றியோரத்து நரை மட்டும் செம்பட்டையாகத் தெரியும். "கம்பெனி சரியில்லை" என்பார். தப்பு மின்விசிறியில் இருந்தது.

கிரீம் டையில் ஒரு டியூபில் சாயத்தின் மூலப்பொருளும் அம்மோனியாவும் இருக்கும். இன்னொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு, வழக்கமாக 6 சதவீதம். கலந்து பூசியதும் அம்மோனியா முடியின் மேல்செதில்களைத் தளர்த்திவிடும். நிறமற்ற சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து, பெராக்சைடின் உதவியால் ஒன்றோடொன்று கோத்துப் பெருத்து, வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிடும். இத்தனையும் ஈரத்தில்தான் நடக்கும். பூச்சு காய்ந்தால் வேலை நின்றுபோகும். நெற்றியோரத்தில் மெல்லிசாகப் பூசுகிறோம், அதனால் அங்கேதான் முதலில் காய்கிறது. நரைமுடியோ ஏற்கெனவே சாயத்துக்கு எளிதில் மசியாதது.

பிளாஸ்டிக் தொப்பி செய்வது இவ்வளவுதான்: ஈரத்தைக் காக்கிறது, தலையின் சூட்டை வெளியே விடாமல் வைக்கிறது. தொப்பி வேண்டாம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கலவைக்குக் குறித்த நேரம் திறந்த தலைக்கானது. சித்திக்கு நான் சொன்னது, விசிறியை நிறுத்துங்கள், நெற்றியோரத்தில் முதலில், தாராளமாகப் பூசுங்கள் என்றுதான். அடுத்த மாதம் அந்தப் புகார் வரவில்லை.

ஹேர் டிரையர் கதை வேறு. சூடு கூடினால் வேதிவினை வேகமாகும், உண்மைதான். ஆனால் நிறம் கூடாது, நேரம்தான் குறையும். சாயம் முடிக்குள் போவதற்குள் வெளியிலேயே உருவாகிவிட்டால் இரண்டு மூன்று குளியலில் கழுவிக்கொண்டு போய்விடும். வேர்ப்பகுதிக்கு உடம்புச் சூடு ஏற்கெனவே உண்டு. முழுத்தலைக்கும் ஒரே நேரத்தில் பூசினால், வேரருகே ஒரு விரலளவு மட்டும் நிறம் மாறுபட்டுத் தெரிவது அதனால்தான். அதன்மேல் டிரையரும் காட்டினால் அந்த வித்தியாசம் கூடும், தலைத்தோலும் எரியும். நிறம் பிடித்ததா என்று பார்க்க, ஒரு கற்றையை ஈரப்பஞ்சால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

மருதாணிக்கு மட்டும் தொப்பியை நான் விடமாட்டேன். அதில் பெராக்சைடு கிடையாது. லாசோன் என்ற சாயம் மெல்ல ஊறி முடியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ள மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை காயாமல் இருக்க வேண்டும், இளஞ்சூடும் உதவும். ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளை நம்பி இப்படி மூடிவிடாதீர்கள். மருதாணி தனியாகக் கறுப்பு தராது. அவற்றில் பலவற்றில் டையில் உள்ள பி.பி.டி.யே கலந்திருக்கிறது; சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும் பொருள் அது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.