மணிக்கட்டில் ஓர் எலும்பு மட்டும் ஏன் எளிதில் கூடுவதில்லை?

கட்டைவிரலை விறைப்பாகப் பின்பக்கம் நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி முக்கோணமாக ஒரு குழி விழும். முன்பு மூக்குப்பொடியை இதில் வைத்து உறிஞ்சியதால் 'மூக்குப்பொடிக் குழி' என்று பெயர். இதன் ஒரு கரையில் இரண்டு தசைநாண்கள், ஆள்காட்டி விரல் பக்கக் கரையில் ஒரு நீண்ட தசைநாண். அடித்தளத்தில் இருப்பது ஸ்கேஃபாய்டு எலும்பு.

பைக்கிலிருந்து விழும் ஒருவர் கையை ஊன்றுகிறார். இந்த எலும்பின் இடுப்பு போன்ற நடுப்பகுதி முறிகிறது. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல்பக்க முனைக்கு அருகே நுழைந்து, முழங்கைப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால், கடைமடை வயலுக்கு வாய்க்கால் அறுந்த கதைதான். முழங்கைப் பக்கத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகலாம். முறிவு கூடாமலே நிற்கலாம்.

முதல்நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகும். எனவே, விழுந்தபின் இந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால் சுளுக்கு என்று எண்ணி உருவிவிடாதீர்கள். கட்டுப்போட்டு, சுமார் 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். அல்லது உடனே எம்.ஆர்.ஐ. பாருங்கள்.