மைன்கிராஃப்ட் சர்வரில் ஏமாற்று: தடை, சான்று, மேல்முறையீடு

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் நடத்தலாம். அங்கே யார் ஏமாற்றினார், அவரை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்கள் அந்த சர்வரின் அட்மின்களே. அவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஏமாற்று ‘எக்ஸ்ரே’. நிலத்துக்கடியில் கல்லுக்குள் புதைந்திருக்கும் வைரத் தாதுவைத் தேடித் தோண்டி எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் உழைப்பு. எக்ஸ்ரே போடுபவருக்குத் தேடும் வேலையே இல்லை. கல் அவர் திரையில் மறைந்துவிடும், தாது மட்டும் தெரியும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் விசாரணை ஏன் கடினம் என்பதும் புரியும். ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைச் சுற்றி என்னென்ன கட்டைகள் இருக்கின்றன என்ற விவரம் முழுவதையும் சர்வர் அவருடைய கணினிக்கு அனுப்பிவிடுகிறது. கல்லுக்குள் மறைந்திருப்பவையும் அதில் அடக்கம். கல்லை மறைத்துக் காட்டும்படி மாற்றப்பட்ட ஒரு மென்பொருளோ ரிசோர்ஸ் பேக்கோ இருந்தால் போதும். ஏமாற்று முழுவதும் அவர் வீட்டுக் கணினியிலேயே நடந்து முடிகிறது. சர்வருக்குத் தெரிவதெல்லாம் அவர் எந்தக் கட்டையை, எங்கே, எப்போது உடைத்தார் என்பது மட்டுமே. ஆகவே கையும் களவுமாகப் பிடிப்பது அரிது. தோண்டிய விதத்தைப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். அப்படி வரும் முடிவு தவறாகவும் போகலாம்.

பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் வசதி உள்ளது. அதை நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். அதன் முதல் முறை, காற்று படாமல் கல்லுக்குள் இருக்கும் தாதுவைக் கல் என்றே ஆட்டக்காரரின் கணினிக்குச் சொல்கிறது. இரண்டாம் முறை எங்கு பார்த்தாலும் போலித் தாதுக்களைக் காட்டிக் குழப்புகிறது. ஆனால் குகைச் சுவரில் வெளியே தெரியும் தாதுவை இரண்டு முறைகளும் மறைப்பதில்லை. உலகத்தின் ‘சீட்’ எண் வெளியே கசிந்திருந்தால், தாது இருக்கும் இடங்களைத் தனியே கணக்கிட்டும் எடுத்துவிடலாம். தடுப்பு எவ்வளவு இருந்தாலும் விசாரணைக்கான தேவை தீர்ந்துவிடுவதில்லை.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

கட்டைகளை உடைத்ததையும் வைத்ததையும் பதிவு செய்யப் பல சர்வர்கள் கோர்புரொடெக்ட் என்ற பிளகினைப் பயன்படுத்துகின்றன. விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். `kaadai22`, `oorkuruvi` என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் மீது ஒரே வாரத்தில் புகார் வருகிறது. அட்மின் முதலில் இப்படித் தேடுகிறார்:

```
/co lookup u:kaadai22 t:3d a:-block i:diamond_ore,deepslate_diamond_ore
```

கடந்த மூன்று நாளில் அந்தப் பெயர் உடைத்த வைரத் தாதுக்களைக் காட்டு என்பது இதன் பொருள். `kaadai22` உடைத்தவை 84. அதே தேடலில் `oorkuruvi` உடைத்தவை 57. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல்வர்தான் பெரிய குற்றவாளி. அந்த அட்மின் அப்படியே நினைத்து இருவரையும் தடை செய்கிறார்.

எண்ணிக்கை சந்தேகத்தைக் கிளப்பும். அதற்கு மேல் எதையும் நிறுவாது. பெரிய குகை ஒன்றில் இறங்கியவருக்குச் சுவரிலேயே நிறையத் தாது தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தத் தாது அங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

இதற்கு விடை சுரங்கத்தின் வடிவத்தில் இருக்கிறது. அட்மின் ஸ்பெக்டேட்டர் நிலைக்கு மாறி, பதிவில் உள்ள ஆயங்களுக்குப் போய்ச் சுரங்கத்தை நேரில் பார்க்க வேண்டும். `oorkuruvi` வைரம் அதிகம் கிடைக்கும் ஆழத்தில், Y = -53 மட்டத்தில், நேராக ஒரு சுரங்கம் வெட்டியிருக்கிறார். அதிலிருந்து 14 இடங்களில் கிளை பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு வைரக் கொத்தில் போய் முடிகிறது. 11 கொத்துகள் முழுக்கக் கல்லால் மூடியிருந்தவை. சுரங்கத்திலிருந்தோ குகையிலிருந்தோ பார்த்தால் தெரியாதவை. சில கிளைகள் எட்டு, ஒன்பது கட்டை தூரம் கல்லுக்குள் போய், கீழே இறங்கி, தாதுவைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. கண்மூடித்தனமாகத் தோண்டுபவரின் சுரங்கத்தில் ஒன்றும் கிடைக்காத கிளைகள் பல இருக்கும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. ஒரு கிளை இப்படி அமைந்தால் அதிர்ஷ்டம் எனலாம். பதினான்கும் அப்படியே அமைந்திருக்கின்றன.

பதிவில் என்ன இருக்க வேண்டும்

சான்றுப் பதிவுக்கு ஒரே அளவுகோல்தான்: சம்பவத்தின்போது இல்லாத இன்னொரு அட்மின் அதை மட்டும் படித்து, தானே சரிபார்த்து, முடிவுக்கு வர முடிய வேண்டும். “அவன் எக்ஸ்ரேதான், பார்த்தாலே தெரிகிறது” என்ற குறிப்பு இதில் தேறாது.

நல்ல பதிவில் வழக்கு எண், ஆட்டக்காரரின் பெயர், அவருடைய யுயுஐடி, தேடிய கட்டளை, அது தந்த விடை, ஒவ்வொரு கொத்தின் ஆயங்கள், உடைத்த நேரம் ஆகியவை இருக்கும். சுரங்கத்தின் நீளம் முழுவதையும் காட்டும் ஒரு வீடியோ உடனிருக்கும். பார்த்தது எது, அதிலிருந்து ஊகித்தது எது என்பதைத் தனித்தனியே எழுதுவது அவசியம். ‘14 கிளைகள், 11 கொத்துகள் மூடியவை’ என்பது பார்த்தது. ‘எக்ஸ்ரே பயன்படுத்தினார்’ என்பது ஊகம். ஊகத்தோடு பிறருக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம்; பார்த்தது பொய்யாகிவிடாது.

சான்றைச் சேகரிக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். ஏமாற்றியவரின் வேலையை அழிக்கும் அவசரத்தில் முதலிலேயே ரோல்பேக் செய்துவிட்டால் சுரங்கம் மூடிக்கொள்ளும். அதன் வடிவத்தைப் பிறகு யாரும் நேரில் பார்க்க முடியாது. வீடியோ முதலில், ரோல்பேக் பிறகு. வட்டில் இடம் பிடிக்கிறது என்று பழைய பதிவுகளை `/co purge` கட்டளையால் அழிப்பதும் வழக்கம். மேல்முறையீடு நிலுவையில் உள்ள வழக்குக்கான விவரங்களை அதற்கு முன்பே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

தடைப்பட்டியல்

மைன்கிராஃப்ட் சர்வர் தடைகளை `banned-players.json` என்ற கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பதிவிலும் யுயுஐடி, பெயர், தடை செய்த நேரம், தடை செய்தவர், முடியும் நாள், காரணம் என்று ஆறு விவரங்கள் உண்டு. இவற்றில் ஆளை அடையாளம் காட்டுவது யுயுஐடிதான். 2015 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ள முடிகிறது, யுயுஐடி மாறாது. ஆனால் `server.properties` கோப்பில் `online-mode=false` என்று வைத்திருந்தால் சர்வர் யாருடைய கணக்கையும் சரிபார்ப்பதில்லை. வேறு பெயரைத் தட்டச்சு செய்து வந்தால் யுயுஐடியும் வேறாகிவிடும், தடை பயனற்றுப்போகும்.

ஐபி முகவரியைத் தடை செய்யும் `/ban-ip` கட்டளையைப் பலர் கூடுதல் பாதுகாப்பாக நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் ஏமாற்றினால் தம்பியும் வெளியே நிற்பான். மொபைல் இணைய நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைப்பதால், சம்பந்தமே இல்லாதவர்களும் மாட்டிக்கொள்வார்கள். ஏமாற்றியவரோ ரவுட்டரை அணைத்துப் போட்டுப் புது முகவரியோடு வந்துவிடக்கூடும். தடை செய்யப்பட்டவர் வேறு வேறு கணக்கில் தொடர்ந்து நுழையும்போது, சில நாட்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதே பொருத்தம்.

விளையாட்டோடு வரும் `/ban` கட்டளையில் கால அளவு தர வழியில்லை. எசென்ஷியல்ஸ்எக்ஸ் போன்ற பிளகின் இருந்தால் தரலாம்:

```
/tempban oorkuruvi 30d X-ray, case 0413
```

தடை செய்யப்பட்டவர் நுழைய முயலும்போது இந்தக் காரணம் அவர் திரையில் தெரியும். வழக்கு எண்ணையும், மேல்முறையீட்டை எங்கே அனுப்புவது என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் அவர் அலைய வேண்டியதில்லை.

மேல்முறையீடு

மேல்முறையீட்டைத் தடை செய்தவரே விசாரிக்கக் கூடாது. இரண்டே அட்மின்கள் உள்ள சிறிய சர்வரிலும் மற்றவர் விசாரிக்கலாம். விடை சொல்ல ஒரு கெடு இருக்க வேண்டும். ஏழு நாள் போதுமானது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எந்த நாள், எந்த இடம், என்ன குற்றச்சாட்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் அவர் எதற்கு விடை சொல்வார்? அட்மின்கள் மறைந்திருந்து கண்காணிக்கும் முறையை விளக்கத் தேவையில்லை.

நம் எடுத்துக்காட்டில் `kaadai22` இப்படி எழுதுகிறார்: “சில்க் டச் பிக்காக்ஸால் தாதுவைக் கட்டையாகவே எடுத்து வந்தேன். பிறகு வீட்டில் வைத்து ஃபார்ச்சூன் பிக்காக்ஸால் உடைத்தேன்.” ஃபார்ச்சூன் மந்திரம் ஏறிய பிக்காக்ஸ் ஒரே தாதுவிலிருந்து கூடுதல் வைரம் தரும் என்பதால் ஆட்டக்காரர்கள் இப்படிச் செய்வதுண்டு. இரண்டாம் அட்மின் உடைத்ததைக் குறிக்கும் `a:-block` என்பதற்குப் பதிலாக, வைத்ததைக் குறிக்கும் `a:+block` என்று மாற்றித் தேடுகிறார். 42 தாதுக் கட்டைகளை அவர் தன் வீட்டில், Y = 68 உயரத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து உடைத்தது தெரிகிறது. நிலத்தடியில் உடைத்தவையும் 42. ஒவ்வொரு தாதுவும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. அந்த 42-ம் இருந்த இடங்களைப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரு பெரிய குகையின் சுவர்கள். தடை நீக்கப்படுகிறது.

`oorkuruvi` தன் தம்பி விளையாடியதாகச் சொல்கிறார். அட்மின்கள் மிக அதிகமாகக் கேட்கும் விளக்கம் இது. உண்மையா பொய்யா என்று சரிபார்க்க வழியில்லை. அதனால்தான் கணக்கில் நடப்பதற்கெல்லாம் கணக்குக்காரரே பொறுப்பு என்று விதிகளில் முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். சுரங்கத்தின் வடிவத்துக்கு அவரிடம் வேறு விளக்கம் இல்லை. தடை நீடிக்கிறது. முதல் குற்றம் என்பதால் அது 30 நாளோடு முடியும். புதிய சான்று இருந்தால் மட்டுமே மறுபடி முறையிடலாம்.

தடையை நீக்குவதற்கு `/pardon` கட்டளையோ பிளகினின் `/unban` கட்டளையோ போதும். ஆனால் வழக்கு அத்துடன் முடிவதில்லை. பறிமுதல் செய்த பொருட்களைத் திருப்பித் தர வேண்டும்; ரோல்பேக் செய்திருந்தால் `/co restore` மூலம் மீட்க வேண்டும். வழக்குப் பதிவை அழிக்காமல், ‘ரத்து’ என்ற குறிப்போடும் காரணத்தோடும் வைத்திருக்க வேண்டும். தடைப்பட்டியலை வேறு சர்வர்களோடு பகிர்ந்திருந்தால் அங்கேயும் ரத்தைத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே விடுவிக்கப்பட்டவர் இன்னோர் இடத்தில் குற்றவாளியாகவே இருப்பார். மேல்முறையீட்டில் தெரிந்த ஓட்டை விசாரணை முறைக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வழக்குக்குப் பிறகு, வைர எண்ணிக்கையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வைத்ததையும் சேர்த்துத் தேடுவது அந்த சர்வரின் விதியாகிறது.