டியூஷன் சென்டருக்குப் புரொஜெக்டரா, ஸ்மார்ட் போர்டா?

டியூஷன் சென்டரில் புரொஜெக்டர் ஓடும்போது விளக்குகளை எல்லாம் அணைத்துவிட முடியாது. பிள்ளைகள் நோட்டில் எழுத வேண்டும், ஆசிரியருக்கு அவர்கள் முகம் தெரிய வேண்டும். வீட்டில் படம் பார்க்க வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் அவருக்குச் சரியாக இருக்கும் கருவி உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம்.

புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைத் திரையில் போட முடியாது. கறுப்பு எழுத்து என்பது அது வெளிச்சம் அடிக்காமல் விட்ட இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி புரொஜெக்டர் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பது மட்டுமல்ல. சுவரில் ஏற்கெனவே விழும் வெளிச்சத்தைப்போல அது எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி.

12 அடிக்கு 18 அடி அறை, நான்கு எல்இடி டியூப்லைட், 25 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 80 அங்குலப் படத்தின் பரப்பு சுமார் 1.76 சதுர மீட்டர். 3300 லூமென்ஸ் புரொஜெக்டரின் வெளிச்சத்தை அந்தப் பரப்பால் வகுத்தால் சுமார் 1875 லக்ஸ் வரும். பலகைக்கு நேர் மேலே டியூப்லைட் எரிகிற அறையில் சுவரில் 200 லக்ஸ் இருக்கலாம். அப்படியானால் வெள்ளைப் பகுதி கறுப்பைவிடப் பத்து மடங்கு வெளிச்சமாக இருக்கும். எழுத்தும் வரைபடமும் சிரமமில்லாமல் படிக்க 15 மடங்காவது வேண்டும் என்பது இந்தத் துறையில் வைத்திருக்கும் அளவு. பத்து மடங்கில் படிக்கலாம், ஆனால் கண் சோர்ந்துவிடும்.

இப்போது பலகைக்கு மேலே உள்ள அந்த ஒரு டியூப்லைட்டை மட்டும் அணையுங்கள். சுவரில் 70 லக்ஸ் அளவுக்கு இறங்கினால் அதே புரொஜெக்டரில் வித்தியாசம் 27 மடங்கைத் தாண்டிவிடும். பெஞ்சுகள் பக்கம் வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பல சென்டர்களில் எல்லா விளக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்விளக்குக்குத் தனி சுவிட்ச் போட்டுக்கொள்வது, விலை கூடிய மாடலுக்குப் போவதைவிடப் பயன் தரும். உங்கள் அறையில் எத்தனை லக்ஸ் என்று பார்க்க, ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி, போனின் முதுகைச் சுவரில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். துல்லியமாக இராது, ஆனாலும் விளக்கை அணைத்தால் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும்.

இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘9000 லூமென்ஸ்’ என்று விற்கும் சின்ன எல்இடி புரொஜெக்டர்களை இதே கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றின் உண்மையான அளவு சில நூறு ஆன்ஸி லூமென்ஸ்தான். 250 என்று வைத்தால் நம் சுவரில் 142 லக்ஸ் விழும். முன்விளக்கு எரியும்போது வித்தியாசம் இரண்டு மடங்குகூட வராது. இருட்டறையில் அழகாகத் தெரியும் படம் வகுப்பில் மங்கிப்போவது இதனால்தான். பெட்டியில் ‘ஆன்ஸி லூமென்ஸ்’ என்றோ ‘ஐஎஸ்ஓ லூமென்ஸ்’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘லூமென்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது ரெசல்யூஷன். ‘1080பி சப்போர்ட்’ என்று எழுதியிருந்தால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். உள்ளே இருக்கும் புள்ளிகள் அதைவிடக் குறைவாக இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளிகளுக்கென்று விற்கும் மலிவு மாடல்களில் எக்ஸ்ஜிஏ அதிகம், அதாவது 1024க்கு 768 புள்ளிகள். இன்றைய லேப்டாப் திரை அகலமானது. அதை இந்தச் சதுரவாக்குப் படத்தில் போட்டால் மேலும் கீழும் பட்டை விழுந்து, உயரத்தில் 576 வரிசைதான் மிஞ்சும்.

ஒரு வினாத்தாளின் முழுப்பக்கத்தை அதில் காட்டினால் ஒரு வரிக்கு 13 புள்ளி அளவுதான் கிடைக்கும். தமிழ் எழுத்தின் மேல்புள்ளி அங்கே மறையத் தொடங்கும், ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுபோலத் தெரியும். வேதியியல் வாய்பாட்டில் கீழே வரும் சின்ன எண்ணும் கணக்கில் மேலே வரும் அடுக்கும் வெறும் கறையாகிவிடும். ஃபுல் எச்டியில் அதே வரிக்கு 24 புள்ளி வரை கிடைக்கும். முழுப்பக்கம் காட்டாமல் பாதிப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் எக்ஸ்ஜிஏவிலும் சமாளிக்கலாம். ஆனால் கேள்வி மேலேயும் படம் கீழேயும் இருக்கும்போது மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம் என்பேன்.

விளக்கின் ஆயுளைப் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 5000 மணி நேரம் என்றால் அதுவரை ஒரே மாதிரி எரிந்து பிறகு அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைத்தான் ஆயுள் என்கிறார்கள். வார நாளில் மூன்று மணி நேரம், சனி ஞாயிறில் ஐந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 1300 மணி. நாலு வருடத்தில் 3300 லூமென்ஸ் 1650 ஆகியிருக்கும். அப்போதும் முன்விளக்கை அணைத்தால் 14 மடங்கு கிடைக்கும். முன்விளக்கு எரியும்போது புது விளக்கு தருவதைவிட இது அதிகம். பெட்டியில் 10,000, 15,000 என்று போட்டிருப்பது எக்கோ மோடுக்கான கணக்கு. அந்த மோடில் வெளிச்சம் முதலிலேயே குறைந்துவிடும்.

மின்வெட்டும் தூசியும் விளக்கின் ஆயுளைக் குறைக்கும். பாதரச விளக்கு அணைந்தபின் உள்ளே விசிறி ஓடிச் சூட்டைத் தணிக்க வேண்டும். கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கிவிடும். உடனே திரும்பப் போட்டாலும் ஆறும்வரை எரியாது. அறையில் இன்வெர்ட்டர் இருந்தால் புரொஜெக்டரையும் அதில் இணையுங்கள், காற்று ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது துடையுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மெனுவில் தெரியும் விளக்கு நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். விளக்கு மாற்றும்போது பூஜ்யமாக்குவதற்காகவே அதற்கு வசதி உண்டு, விளக்கை மாற்றாமலும் பூஜ்யமாக்கலாம். லேசர் புரொஜெக்டர்களுக்கு 20,000 மணி சொல்கிறார்கள். வருடத்துக்கு 1300 மணி ஓட்டுகிற சென்டரில் அதில் பாதிகூடத் தீருமுன் வேறு பாகம் பழுதாகிவிடலாம்.

ஸ்மார்ட் போர்டு என்று கடைகளில் இப்போது சொல்வது பெரும்பாலும் தொடுதிரை உள்ள பெரிய எல்இடி பேனலை. அதன் வெளிச்சம் நம் 80 அங்குலப் படத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கும். ஆனாலும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் டியூப்லைட் எரிந்தாலும் அதன் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது. விளக்கு மாற்றும் வேலை இல்லை, ஆசிரியரின் நிழல் விழாது. குறை அளவில்தான் இருக்கிறது. கடைசி பெஞ்சு இருக்கும் தூரத்தில் ஆறில் ஒரு பங்காவது படத்தின் உயரம் வேண்டும். 65 அங்குலப் பேனலின் உயரம் 81 சென்டிமீட்டர், அது 16 அடி தூரத்தோடு சரி. அதற்கு மேல் 75 அங்குலம் வேண்டும், விலை வெகுவாக ஏறிவிடும். எதிரே ஜன்னல் இருந்தால் கண்ணாடியில் அதன் பிம்பமும் விழும்.

மாலையில் மட்டும் வகுப்பு, வாடகைக் கட்டடம் என்றால் 3300 ஆன்ஸி லூமென்ஸுக்குக் குறையாத ஃபுல் எச்டி புரொஜெக்டரும் முன்விளக்குக்குத் தனி சுவிட்சும் போதும். பகலிலும் வகுப்பு உண்டு, வெயில் வரும் அறை, படத்தின்மேல் எழுதி நடத்துகிற ஆசிரியர் என்றால் பேனலுக்குப் பணம் சேர்ப்பது நல்லது. எதை வாங்கினாலும் உங்கள் வினாத்தாள் பிடிஎஃப்பை லேப்டாப்பில் எடுத்துப்போய், கடையில் விளக்கை எரியவிட்டுக் காட்டச் சொல்லி, கடைசி பெஞ்சு தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள். புரொஜெக்டர் என்றால் ஆன்ஸி லூமென்ஸ், நேட்டிவ் ரெசல்யூஷன், விளக்கின் வாரண்டி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கருவிக்கு இரண்டு வருடம் வாரண்டி இருந்தாலும் விளக்குக்குப் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது.