தன்னையே வகைக்கெழுவாகத் தரும் சார்பு

2ˣ என்ற சார்பில் மாறி அடுக்கில் இருக்கிறது. அதனால் xⁿ-க்கு உரிய விதியை இங்கே பயன்படுத்தி x·2ˣ⁻¹ என எழுதுவது தவறு. அது சரியென்றால் x = 0-இல் சாய்வு பூச்சியமாக வேண்டும்; வரைபடமோ அங்கே தெளிவாக மேலேறுகிறது.

வகைக்கெழுவை அதன் வரையறையிலிருந்தே பெற வேண்டும். x-ஐ h என்ற சிறு அளவு கூட்டினால், சார்பின் மாற்றத்தை h-ஆல் வகுத்துக் கிடைப்பது:

(2ˣ⁺ʰ − 2ˣ)/h = 2ˣ · (2ʰ − 1)/h

2ˣ⁺ʰ என்பது 2ˣ · 2ʰ என்பதால் 2ˣ பொதுக்காரணியாக வெளியே வந்துவிடுகிறது. இந்தப் படிதான் முழு விஷயத்தின் உயிர். மீதமுள்ள பகுதியில் x இல்லவே இல்லை. h = 0.1 எனில் அதன் மதிப்பு 0.7177, 0.01 எனில் 0.6956, 0.001 எனில் 0.6934. h பூச்சியத்தை நெருங்க, அது 0.6931-ஐ நெருங்குகிறது. ஆகவே 2ˣ-இன் வகைக்கெழு ஏறத்தாழ 0.6931 · 2ˣ.

அடிமானம் 3 எனில் இந்தப் பெருக்கெண் சுமார் 1.0986. இரண்டில் ஒன்றுக்குக் குறைவு, மூன்றில் ஒன்றுக்கு அதிகம். இடையே ஓர் அடிமானத்துக்கு அது சரியாக 1 ஆகும். அதைத் தேட, சிறிய h-க்கு aʰ − 1 ≈ h என எழுதலாம்; a ≈ (1 + h)^(1/h) என வரும். h = 0.001 எனில் 2.7169, 0.00001 எனில் 2.71827. இதன் எல்லையே 2.71828… என்னும் e. ஆய்லர் வழங்கிய குறியீடு அது. பெருக்கெண் 1 என்பதால் eˣ-இன் வகைக்கெழு eˣ-ஏ. மற்ற அடிமானங்களின் பெருக்கெண்ணும் இதிலிருந்தே தெளிவாகிறது: 2 = e^0.6931…, அதாவது 2-இன் இயல் மடக்கை.