பகல் படத்தில் ஓர் அந்திப்பொழுது

வீடு விற்பனை விளம்பரங்களைப் புரட்டுங்கள். அடர்நீல வானம், அதன் கீழே மங்கலான சுவர்கள், ஜன்னல்தோறும் மஞ்சள் வெளிச்சம் என்று ஒரு படமாவது கண்ணில் படும். புகைப்படக்காரர் சாயங்காலம் வரை காத்திருந்து எடுத்தது என்றுதான் நினைப்போம். ஆனால் அவற்றில் நிறைய படங்கள் பட்டப்பகலில் எடுக்கப்பட்டவை. ஒரே நாளில் நான்கைந்து வீடுகளைப் படமெடுக்க வேண்டியவர் ஒவ்வொரு வாசலிலும் ஆறரை மணிக்கு நிற்க முடியாது. சென்னையில் சூரியன் மறைந்தபின் நல்ல அந்தி வெளிச்சம் இருப்பதே 20, 25 நிமிடம்தான். அதனால் பகலில் எடுத்துவிட்டு, அந்தியைக் கணினியில் வரவழைக்கிறார்கள். தொழிலில் இதற்கு ‘டே டு டஸ்க்’ என்று பெயர்.

செய்வது எளிது, நம்பும்படி செய்வதுதான் கடினம். பெரும்பாலானவர்கள் ஜன்னலில் மஞ்சளைக் கொட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே படம் கெட்டுவிடுகிறது.

அந்தியில் ஜன்னல் ஏன் ஒளிர்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் தெருவில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். விளக்குப் போட்ட கூடத்தில் நூறு முதல் முந்நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். பகலில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஜன்னல் கருப்புப் பொந்துதான். சூரியன் மறையும் நேரத்தில் வெளியே சில நூறு லக்ஸுக்கு வந்துவிடும். அடுத்த அரை மணிக்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். இடையில் சில நிமிடங்களுக்கு வெளியும் உள்ளும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கின்றன. நாம் ரசிக்கும் படம் அந்த நிமிடங்களுடையது. அப்போது விளக்கு கூடவில்லை, வெளி இறங்கியிருக்கிறது. கணினியிலும் அதே வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் வீட்டை இருட்டாக்க வேண்டும், ஜன்னலுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குப் பார்த்த மாடி வீடு. கீழே போர்ட்டிகோ, ஒரு ஜன்னல். மேலே மூன்று ஜன்னல், பால்கனி. பக்கத்தில் ஒரு தென்னை. எடுத்தது மாலை நான்கு மணிக்கு. இந்த நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு எடுத்திருந்தால் முகப்பில் நேர் வெயில் விழுந்து, சன்ஷேடின் நிழல் சுவரில் கத்தியால் கீறினதுபோல் இருந்திருக்கும். அந்தியில் அப்படி நிழலே கிடையாது. படத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் அந்தக் கோடு போகாது. இரவில் வெயில் அடிப்பதுபோல் தோன்றும். நான்கு மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்விடுவதால் முகப்பு முழுக்கச் சீரான நிழலில் இருக்கிறது. மேகமூட்டமான நாளில் எடுத்த படமும் இதேபோல் உதவும். நேர் வெயில் படம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவதே மேல்.

திசை வேறொரு விஷயத்தையும் தீர்மானிக்கிறது. கிழக்குப் பார்த்த வீட்டைப் படமெடுக்கும் கேமரா மேற்கே பார்க்கிறது. ஆகவே வீட்டுக்குப் பின்னால் அடிவானத்தில் செம்மஞ்சள் இருப்பது நியாயம். மேற்குப் பார்த்த வீடு என்றால் கேமராவுக்கு எதிரே இருப்பது கீழ்வானம். சூரியன் மறைந்தபின் அங்கே சாம்பல் நீலமும், அதன்மேல் மெல்லிய ரோஜா நிறப் பட்டையும்தான் தெரியும். வாசல் திசையைக் கேட்டுத்தான் வீட்டையே பார்க்கப் போகும் ஊர் நம்முடையது. ‘மேற்குப் பார்த்த மனை’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, கூரைக்குப் பின்னால் சூரிய அஸ்தமனத்தை ஒட்டிவைக்கும் படங்களும் வரத்தான் செய்கின்றன.

இனி வேலை. படத்தை Camera Raw-வில் திறந்து Exposure-ஐ -1.60 அளவுக்கு இறக்குகிறோம். 0 முதல் 255 வரையான அளவில் 200 இருந்த வெள்ளைச் சுவர் இப்போது 120 பக்கம் வந்திருக்கும். Temperature-ஐ 5500-லிருந்து 4300-க்குக் குறைத்தால் சுவரில் லேசான நீலம் ஏறும். அந்தியில் வீட்டின்மேல் விழுவது வானத்தின் நீல ஒளி மட்டும்தானே. இலைகளின் பச்சையைத் தனியாக மங்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் தென்னை மட்டும் பளபளக்கும். இதற்குமேல் கருப்பாக்கக் கூடாது. சுவரின் நிறமும் பூச்சும் தெரிய வேண்டும். வாங்க வருகிறவர் பார்க்க விரும்புவது அதைத்தானே. பழைய சினிமாவில் வெயிலில் நீல ஃபில்டர் போட்டு எடுத்த இரவுக் காட்சிகள் பல போலியாகத் தெரிவதற்கு ஒரு காரணம், நீலத்தையும் இருட்டையும் ஒரேயடியாகத் திணித்தது.

வானத்தை மாற்றும்போது தென்னை தொல்லை கொடுக்கும். Photoshop-இல் Sky Replacement என்று ஒரு வசதி 2020 முதல் இருக்கிறது. கூரை விளிம்பை அது நன்றாகவே வெட்டித்தரும். ஓலையில்தான் தடுமாறும். கீற்றுக்குக் கீற்று இருக்கும் இடைவெளியில் பழைய பகல் வானம் வெள்ளை நூலாக ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டு வானத்தில் அந்த வெள்ளை விளிம்பு ஒரு முழம் தள்ளியே காட்டிக்கொடுத்துவிடும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. பகல் வானம் வெளுப்பாக இருந்தால், புதிய வானத்தை அதன்மேல் Multiply முறையில் வைத்தால் போதும். வெளுப்பு இருந்த இடமெல்லாம் புது வானமாகும். கருத்த ஓலை கருப்பாகவே நிற்கும். ஒரு கீற்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஆனால் வானத்தை வெட்டாமல் இருட்டாக்கிய படத்தில் இது எடுபடாது. முதலில் இருட்டாக்கும்போதே வானத்தை மட்டும் விட்டுவைத்திருக்க வேண்டும்.

இப்போது ஜன்னல். நம் வீடுகளில் ஜன்னல் என்றால் கண்ணாடி மட்டுமில்லை, கம்பியும் உண்டு. அந்தக் கம்பிக்கு வெள்ளையோ கிரீமோ பெயிண்ட் அடித்திருப்பார்கள். பகல் படத்தில் கம்பி வெளுப்பாகவும், அதன் பின்னால் அறை கருப்பாகவும் தெரியும். இதன்மேல் அப்படியே மஞ்சளை ஏற்றினால் கம்பி தகதகக்கும், அறை இருட்டாகவே கிடக்கும். விளக்கு எரிவது அறையில் இல்லை, கம்பியில் என்றாகிவிடும். நிஜத்தில் நடப்பது தலைகீழ். உள்ளே வெளிச்சம் வந்ததும், எந்த நிறக் கம்பியும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கருப்புக் கோடாகிவிடும். ஆகவே ஜன்னல் சட்டத்தை முதலில் Polygonal Lasso-வால் சுற்றிவளைத்து, அதற்குள் Color Range வழியாகக் கம்பியின் நிறத்தைத் தனியே பிடித்து இருட்டாக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே ஏதாவது ஓர் உள்புறம் வேண்டும். அதே வீட்டின் உள்ளே எடுத்த படத்திலிருந்து திரைச்சீலையை வெட்டி வைக்கலாம், கொஞ்சம் மங்கலாக்கி. கண்ணாடியில் எதிர்வீட்டு மரம் பிரதிபலித்திருந்தால், அதுவும் இந்தத் திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். மறைக்காமல் விட்டால் கூடத்துக்குள் வேப்பமரம் நிற்கும்.

மாடி ஜன்னலைத் தெருவிலிருந்து பார்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே தெரிவது கூரையும், மின்விசிறியின் ஒரு சிறகும், திரையின் மேல்பகுதியும்தான். கட்டிலைத் தெரியவைத்த படங்களையும் பார்க்கலாம்!

இதற்கெல்லாம் மேலேதான் மஞ்சள் வர வேண்டும். #FFB46B போன்ற ஒரு நிறத்தை ஜன்னல் வடிவத்துக்கு மட்டும் நிரப்பி, Color Dodge முறைக்கு மாற்றி, Fill-ஐப் பாதிக்கும் கீழே வைக்க வேண்டும். இந்த முறையில் கருப்பு கருப்பாகவே இருக்கும் என்பதால் நாம் இருட்டாக்கிய கம்பி தப்பிக்கும். ஜன்னலின் மேல்புறம் 230, 240 அளவில் நின்று, கீழே வர வர மங்க வேண்டும். விளக்கு மேலே இருக்கிறது என்று கண் புரிந்துகொள்வது அப்படித்தான். 255-ஐத் தொட்டுவிட்டால் அது ஜன்னல் இல்லை, ஒட்டிய மஞ்சள் தாள்.

நிறத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லாப் படங்களிலும் எல்லா ஜன்னலும் ஒரே ஆரஞ்சு. ஓட்டல் வரவேற்பறைக்கு அது சரி. நம் தெருக்களில் நடந்து பாருங்கள்: கூடத்தில் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட், போர்ட்டிகோவில் மஞ்சள், படிக்கட்டில் மங்கல், குளியலறை வென்டிலேட்டரில் பேருக்கு ஒரு கீற்று, ஒரு படுக்கையறையில் விளக்கே இல்லை. நம் வீட்டில் மேலே மூன்று ஜன்னலில் இரண்டை மட்டும் ஏற்றி, ஒன்றை வெள்ளையாக வைத்தால் அங்கே ஆட்கள் வாழ்வதுபோல் இருக்கும். ஆரஞ்சுதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடிப்பார் என்பது வேறு கதை.

ஜன்னலோடு வேலை முடியவில்லை. வெளியே விழாத வெளிச்சத்தை யாரும் நம்பமாட்டார்கள். ஜன்னலிலிருந்து வரும் ஒளி அடித்திண்டில் பளிச்சென்று விழும், பால்கனித் தரையில் படரும், தூரம் போகப் போக வேகமாகக் குறையும். போர்ட்டிகோ விளக்கு தூணின் மேற்பகுதியையும் காரின் கூரையையும் நனைக்கும். இவற்றை மென்மையான பிரஷ் கொண்டு, Flow-வை 5 சதவீத அளவில் வைத்து, தனி லேயரில் அடுக்கடுக்காகத் தீட்ட வேண்டும். ஜன்னலைத் தீட்டியதைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கும்; பிடிக்கத்தான் வேண்டும். சன்ஷேடின் அடியில் அதிகம் தீட்டாதீர்கள். உயரத்தில் இருக்கும் விளக்கின் ஒளி சாய்ந்து கீழே வருவதால் அங்கே எதிரொளி மட்டுமே போகும்.

முடிந்தபின் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஜன்னல்கள் முதலில் கண்ணில் பட்டு, வீடு அப்புறம் தெரிந்தால் வெளிச்சம் கூடிவிட்டது. பிறகு பெரிதாக்கி, பகல் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேட வேண்டும்: கார் கண்ணாடி, எவர்சில்வர் கேட், முகப்பில் ஒட்டிய பளபள டைல்ஸ், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. இவற்றில் இன்னமும் நான்கு மணி வானம் வெளுப்பாகத் தெரியும். பக்கத்து வீட்டையும் பாருங்கள்; நம் வீடு தீபாவளி மாதிரி ஜொலிக்க, அது மின்வெட்டில் கிடந்தால் சரியாக இருக்காது. அங்கும் ஒரு ஜன்னலில் மங்கலாக ஒன்றை ஏற்றிவிடலாம்.

எதுவரை போகலாம் என்ற கேள்வி இருக்கிறது. வானத்தின் நிறமும் அறை விளக்கும் வாங்குகிறவரை ஏமாற்றாது என்பது என் கட்சி. எந்த வீட்டிலும் அந்தி வரும், விளக்கும் போடுவார்கள். ஆனால் இல்லாத தோட்ட விளக்கை நடுவதும், வாசலில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை அழிப்பதும், தெருவில் இல்லாத கம்பத்தை ஏற்றுவதும் வேறு ரகம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 12-ஆவது பிரிவில், பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. தனி ஆள் விற்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பிரிவு துணைக்கு வராது. ஆகவே வீடு தேடுகிறவர்கள் அந்திப் படம் பிடித்திருந்தால், அதன் பகல் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருநாள் சாயங்காலம் ஆறரைக்கு அந்தத் தெருவுக்கே போய் நின்று பார்த்துவிடுங்கள்.