இஸ்திரிப் பெட்டி: வாட் கூடினால் சூடும் கூடுமா?

மின்சாரப் பொருள் கடையில் இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனால், அட்டைப் பெட்டியின் மீது பெரிய எழுத்தில் முதலில் தெரிவது வாட் அளவுதான். ஒன்றில் 1000 வாட், பக்கத்தில் இருப்பதில் 2400 வாட். இரண்டாவது பெட்டி இரண்டு மடங்குக்கும் மேலாகச் சூடாகும், பட்டுச் சேலையைக் கருக்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மை அப்படியில்லை.

இஸ்திரிப் பெட்டி எவ்வளவு சூடாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட். நீங்கள் குமிழைத் திருப்பி வைத்த சூட்டை அடித்தகடு எட்டியதும் அது மின்சாரத்தைத் துண்டிக்கும்; சூடு குறைந்ததும் மீண்டும் இணைக்கும். சிறு விளக்கு அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். குமிழில் உள்ள ஒரு புள்ளி ஏறக்குறைய 110 டிகிரி செல்சியசையும், இரண்டு புள்ளி 150 டிகிரியையும், மூன்று புள்ளி 200 டிகிரியையும் குறிக்கும். 1000 வாட் பெட்டியானாலும் 2400 வாட் பெட்டியானாலும் மூன்று புள்ளி என்றால் ஏறக்குறைய அதே 200 டிகிரிதான். அந்தச் சூட்டை எவ்வளவு விரைவில் எட்டுகிறது, துணி உறிஞ்சிய வெப்பத்தை எவ்வளவு விரைவில் ஈடுகட்டுகிறது என்பதில்தான் வாட்டின் பங்கு இருக்கிறது.

அப்படியானால் உங்களுக்கு எத்தனை வாட் தேவை? அதற்கான விடை நீங்கள் எந்தத் துணியைத் தேய்க்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

பருத்தி இழை செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். துவைத்த சட்டை கசங்கியபடியே காயும்போது, அந்தக் கசங்கிய நிலையிலேயே பிணைப்புகள் இறுகிவிடுகின்றன. நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்தால் இவை தளரும். அழுத்திச் சூடேற்றி நீரை விரட்டினால், துணி தட்டையாக இருக்கும் நிலையில் மறுபடி இறுகும். ஆகவே பருத்திக்கு வெறும் சூடு போதாது, ஈரமும் வேண்டும். நம் பாட்டிமார் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்த பிறகு தேய்த்ததற்குக் காரணம் இதுதான். நீராவிப் பெட்டி அதே வேலையைத் தேய்க்கும்போதே செய்கிறது.

ஆனால் நீராவிக்கு விலை உண்டு, அதை வாட்டில் கொடுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரியில் இருக்கும் 1 கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 ஜூல் வெப்பம் தேவை. அதன்பின் அதை ஆவியாக்க மேலும் 2,260 ஜூல். மொத்தம் 2,550 ஜூல். ஒரு பெட்டி நிமிடத்துக்கு 20 கிராம் நீராவி விட்டால், 60 விநாடியில் 51,000 ஜூல் செலவாகிறது. அதாவது 850 வாட் நீராவிக்கே போய்விடுகிறது. உங்கள் பெட்டி 1200 வாட் என்றால், துணியைச் சூடாக்க மிஞ்சுவது 350 வாட்தான். நீராவி 40 கிராமானால் அதற்கு மட்டும் 1700 வாட் வேண்டும். 2400 வாட் பெட்டியில் அப்போதும் 700 வாட் மிச்சமிருக்கும். 1200 வாட் பெட்டியால் அதைத் தொடர்ந்து தரவே முடியாது.

எனவே அட்டையில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை கிராம் நீராவி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கிராமை 42-ஆல் பெருக்கினால் நீராவிக்குப் போகும் வாட் கிடைக்கும். அது பெட்டியின் மொத்த வாட்டை நெருங்கினால், அந்த நீராவி தொடர்ந்து வராது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதும், ஆவிக்குப் பதில் தண்ணீர் சொட்டுவதும் இதற்கு அடையாளம். பொத்தானை அழுத்தினால் குபீரென்று வரும் நீராவிக்கு எழுதியிருக்கும் பெரிய எண் வேறு. அது சில விநாடிக்கு மட்டும்தான்.

பட்டின் கதை நேர்மாறானது. பட்டு ஒரு புரத இழை. இரண்டு புள்ளிக்கு மேல் போனால் மஞ்சளித்து, பளபளப்பு குன்றி, மொரமொரப்பாகிவிடும். சரிகையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இன்றைய சேலைகள் பலவற்றில் சரிகை என்பது உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் இழை. பருத்திக்கான சூட்டில் அது சுருங்கிவிடும்.

சாதாரண நீராவிப் பெட்டிகள் பட்டுக்குத் தடுமாறுவதும் இங்கேதான். நீராவி தடையின்றி வர அடித்தகடு நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். பட்டுக்கான குறைந்த சூட்டில் தண்ணீர் முழுதாக ஆவியாகாமல் துளியாக விழும். பட்டில் விழுந்த துளி காயும்போது ஓரத்தில் வளையமாகக் கறை நிற்கும். சொட்டுத் தடுப்பு உள்ள பெட்டிகள் குறைந்த சூட்டில் நீராவியையே நிறுத்திவிடுகின்றன. ஆகவே பட்டுக்கு நீராவியை அடைத்துவிட்டு, சேலையின் உட்புறத்தில், மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பு. அந்த வேலைக்கு 1000 வாட் உலர் பெட்டி தாராளம்.

அடுத்து அடித்தகடு. அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடிக்காத எஃகு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அதனால்தான் எஃகுத் தகட்டை அலுமினிய வார்ப்பின் மேல் மெல்லியதாகப் பொருத்துகிறார்கள். இதனால் சூட்டில் பெரிய வேறுபாடு தெரியாது. எவ்வளவு வழுக்குகிறது, எவ்வளவு நாள் உழைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஒட்டாப் பூச்சு நன்றாக வழுக்கும், ஆனால் பொத்தானும் ஜிப்பும் சரிகையும் கீறிவிடும். செராமிக் பூச்சு கடினமானது, ஆனால் கீழே விழுந்தாலோ இடித்தாலோ ஓரம் பெயரும். எஃகு கீறலைத் தாங்கும். வேட்டிக்குப் போட்ட கஞ்சி கருகி ஒட்டினாலும் துடைத்துச் சுத்தம் செய்வது எளிது. பழைய பெட்டி பட்டுக்கு ஏற்றதா என்று பார்க்க, அது ஆறியிருக்கும்போது அடித்தகட்டில் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாக இழுங்கள். பஞ்சின் இழை எங்காவது மாட்டினால், பட்டின் இழையும் அங்கே மாட்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் பத்துப் பருத்திச் சட்டைகள், தீபாவளிக்கும் திருமணங்களுக்கும் நாலைந்து பட்டுச் சேலைகள். இவர்களுக்கு 2000 முதல் 2400 வாட் வரையிலான, எஃகு அடித்தகடும் நீராவியை முழுமையாக அடைக்கும் வசதியும் கொண்ட பெட்டி பொருத்தம். 230 வோல்ட் மின்சாரத்தில் 2400 வாட் என்பது 10.4 ஆம்பியர். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும். ஆனால் அதே நீட்டிப்புக் கம்பியில் தண்ணீர்க் கெட்டிலையும் செருகினால் தாங்காது. பருத்தி குறைவு, தண்ணீர் தெளிப்பதில் சிரமமில்லை என்பவர்களுக்கு 1000 வாட் உலர் பெட்டியும் ஒரு தெளிப்பான் புட்டியுமே போதும், விலையும் குறைவு.

எந்தப் பெட்டியானாலும் பட்டை முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு பருத்திக்குப் போங்கள். அடித்தகடு சூடேறுவதைவிட ஆறுவதற்கு அதிக நேரம் எடுக்கும். முதல்முறை சூடேறும்போது குறித்த அளவைத் தாண்டியும் போகும். ஆகவே விளக்கு இரண்டு முறை அணையும்வரை பொறுத்திருந்து, அதன்பின் பட்டில் வையுங்கள்.